விசாவுக்கு பேங்க்ல எவ்வளவு காட்டணும், எத்தனை நாள்ல வரும்?

நீலவானம்
எல்லாருக்கும் வணக்கம். முதல் தடவையா விசா அப்ளை பண்ணப் போறோம். மூணு விஷயம் தெரியணும். அக்கவுண்ட்ல எவ்வளவு பணம் இருக்கணும்? அப்ளை பண்ணி எத்தனை நாள்ல கிடைக்கும்? ஹோட்டல் புக்கிங் கட்டாயமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் சீக்கிரம் சொன்னா நல்லா இருக்கும், டிக்கெட் விலை ஏறிக்கிட்டே போகுது.

பயணக்கோப்பு
வணக்கம். மூணு கேள்விக்குமே பதில் இருக்கு, ஆனா இப்ப யார் ஒரு எண்ணைச் சொன்னாலும் அது வேற யாரோ ஒருத்தருக்கான பதிலாத்தான் இருக்கும். நாலு விஷயம் சொல்லுங்க: எந்த நாடு, எதுக்காகப் போறீங்க, எந்த நாட்டு பாஸ்போர்ட், எத்தனை நாள் தங்குவீங்க.

ஏன் கேக்கறேன்னா, நீங்க கேட்ட பணக் கணக்கையே எடுத்துக்கலாம். பிரான்ஸ் ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு தொகையை வெளிப்படையா அறிவிச்சிருக்கு. ஹோட்டல் புக்கிங் இருந்தா நாளைக்கு 65 யூரோ. புக்கிங் இல்லேன்னா 120. சொந்தக்காரங்க வீட்ல தங்கறீங்க, அவங்க நகராட்சியில வாங்கின வரவேற்புச் சான்றிதழ் கையில இருக்குன்னா 32.50. அதே ஆள், அதே 16 நாள்: முதல் வகையில 1,040 யூரோ, ரெண்டாவதுல 1,920, மூணாவதுல 520. தங்குற இடம் மட்டும் மாறினதுக்கே தொகை கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசப்படுது. நாடு மாறினா கணக்குப் போடற முறையே வேற. பாஸ்போர்ட் மாறினா விசாவே தேவைப்படாமலும் போகலாம்.

வழிப்போக்கன்
பொதுவா சொல்லலாமே. 6 மாச பேங்க் ஸ்டேட்மென்ட், ஒரு ஆளுக்கு கையில நல்ல தொகை, பாஸ்போர்ட்ல 6 மாச வேலிடிட்டி, ரிட்டர்ன் டிக்கெட். இது இருந்தா எந்த நாடா இருந்தாலும் 15 நாள்ல வந்துடும். இவ்வளவு கேள்வி கேட்டு ஆளை பயமுறுத்த வேண்டாம்.

கடல்காற்று
இன்டர்வியூ தேதியைக் கேக்கறீங்கன்னு நினைக்கிறேன். எனக்கு அமெரிக்கா விசா 10 வருஷத்துக்கு அடிச்சிருக்காங்க. என் அனுபவத்துல பணத்தைப் பத்தி கவுண்டர்ல ஒரு வார்த்தை கேக்கல, ஸ்டேட்மென்ட் ஃபைலை திறக்கவே இல்ல. 10 வருஷம் எப்ப வேணா போய் இருந்துக்கலாம். அதனால கவலைப்படாதீங்க.

பயணக்கோப்பு
கடல்காற்று, அவர் இன்டர்வியூ பத்தி கேக்கல. ஆனா நீங்க எழுதினதுல ஒரு விஷயத்தை இங்கேயே திருத்தணும், ஏன்னா இதை நம்பிப் போய் மாட்டிக்கிறவங்க இருக்காங்க. 10 வருஷம்ங்கறது நீங்க அங்க போய் வாசல்ல நிக்கறதுக்கான காலம். உள்ள எத்தனை நாள் இருக்கலாம்ங்கறதை அங்க இறங்கினதும் எல்லை அதிகாரி முடிவு பண்றார், அது ஐ-94 பதிவுல இருக்கும். சுற்றுலா வகைக்கு வழக்கமா 6 மாசம் வரை கொடுப்பாங்க. விசா இன்னும் 9 வருஷம் பாக்கி இருந்தாலும் ஐ-94 தேதி தாண்டினா அது மீறல்தான்.

வழிப்போக்கன் சொன்ன பட்டியலை யாரும் அப்படியே எடுத்துக்க வேண்டாம். 15 நாள்ங்கறது ஷெங்கன் விசாவுக்கான விதி, அதாவது பிரான்ஸ், ஜெர்மனி மாதிரி பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கற ஒரே விசா. அதுவும் விண்ணப்பத்தை முறையா ஏத்துக்கிட்ட நாள்ல இருந்து எண்ணணும், அப்பாயின்ட்மென்ட் போட்ட நாள்ல இருந்து இல்ல. கூடுதல் விசாரணை தேவைப்பட்டா 45 நாள் வரை போகும். பிரிட்டன் விசிட்டர் விசாவுக்கு 3 வாரம்னு சொல்றாங்க. ஒண்ணை இன்னொண்ணுக்குப் போட்டுப் பாக்க முடியாது.

நீலவானம், அந்த நாலு விவரமும் சொல்லுங்க.

நீலவானம்
மன்னிக்கணும், சொல்ல மறந்துட்டேன். ஐரோப்பா தான். பாரிஸ்ல இறங்கறோம். நானும் அம்மாவும். அப்ப 65 யூரோ கணக்குதானே? பாரிஸ்ல 4 நாளைக்கு ஹோட்டல் பாத்து வெச்சிருக்கேன்.

தேன்மொழி எம்
பாரிஸ்ல 4 நாள் சரி. மீதி நாள் எங்க? இறங்கற ஊரை வெச்சு நாட்டை முடிவு பண்ணக் கூடாது.

நீலவானம்
மீதி நாள் அண்ணா வீட்ல, ஜெர்மனியில. ஃப்ளைட் பாரிஸுக்கு மலிவா கிடைச்சுது, அங்கிருந்து ரயில். பிரெஞ்சு தூதரகத்துல சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்குதுன்னும் சொன்னாங்க.

பயணக்கோப்பு
நல்ல வேளை, இப்பவே சொன்னீங்க. அப்படின்னா உங்க நாடு பிரான்ஸ் இல்ல, ஜெர்மனி. ஒண்ணுக்கு மேல ஷெங்கன் நாடுகளுக்குப் போனா, எது முக்கியமான இடமோ அந்த நாட்டுத் தூதரகத்துலதான் கொடுக்கணும். முக்கியம்னா அதிக நாள் தங்கற இடம், அல்லது பயணத்தோட நோக்கம் எங்க இருக்கோ அந்த இடம். ரெண்டு நாட்லயும் சமமா இருந்தா மட்டும்தான் முதல்ல நுழையற நாடு கணக்குல வரும். உங்களுக்கு நாளும் ஜெர்மனியிலதான் அதிகம், நோக்கமும் அங்கதான்.

சீக்கிரம் தேதி கிடைக்குதுன்னு பிரான்ஸ்ல கொண்டுபோய்க் கொடுத்தா ரெண்டுல ஒண்ணு நடக்கும். தகுதியான தூதரகம் நாங்க இல்லைன்னு கோப்பைத் திருப்பிக் கொடுப்பாங்க. இல்லேன்னா பாரிஸ்லதான் அதிக நாள்னு காட்ட ஹோட்டல் புக்கிங்கை நீட்டி எழுதுவீங்க, அது கேன்சல் ஆனது எல்லையில தெரிஞ்சா பேச்சு வேற மாதிரி போகும். விசா வாங்கின நாட்டுல ஒரு நாள் கூட தங்காம நேரா வேற நாட்டுக்குப் போறவங்களை எல்லை அதிகாரி நிறுத்திக் கேக்கலாம், கொடுத்த விசாவை ரத்து பண்ற அதிகாரமும் உண்டு.

அதனால 65 யூரோவை மறந்துடுங்க. அண்ணா வீட்ல தங்கறதா இருந்தா ஜெர்மனிக்கு அண்ணா தரப்புல இருந்து ஒரு பொறுப்பேற்பு உறுதிப்பத்திரம் கொடுக்கலாம். அவர் வசிக்கற ஊர்ல வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நேர்ல போய், சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் காட்டி, அதிகாரி முன்னாடி கையெழுத்துப் போடணும். கட்டணம் 29 யூரோ. விருந்தாளியோட மருத்துவச் செலவு, திருப்பி அனுப்பற செலவு உட்பட எல்லாத்துக்கும் நான் பொறுப்புன்னு அதுல ஒப்புக்கிறார். சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடன் அது, வெறும் அழைப்புக் கடிதம் இல்ல. அதனால அண்ணாகிட்ட விளக்கிச் சொல்லிட்டு கேளுங்க. அந்த அலுவலகத்துலயும் அப்பாயின்ட்மென்ட் வேணும், அசல் பத்திரம் உங்க கைக்கு வரணும், அந்த நாளையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

இன்னும் பாஸ்போர்ட்டும் நாளும் சொல்லல.

வழிப்போக்கன்
உறுதிப்பத்திரம் இருந்தா பேங்க் ஸ்டேட்மென்ட்டே வேண்டாம், சரிதானே?

பயணக்கோப்பு
பணம் இருக்குன்னு காட்டற பாரம் குறையும், அவ்வளவுதான். ஸ்டேட்மென்ட் வேற ஒண்ணையும் காட்டுது: மாசாமாசம் ஒரு வரவு, ஒரு செலவு, ஊர்ல ஒரு வாழ்க்கை இருக்கு, திரும்பி வர ஒரு காரணம் இருக்குன்னு. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் யார்கிட்டயோ வாங்கி ஒரே தொகையாப் போட்டு வெக்கறது இதுக்கு எதிரா வேலை செய்யும். இருப்பு பெருசா தெரியும், ஆனா மூணு மாசமா சின்ன வரவுகளா இருந்த கணக்குல அந்த ஒரு வரி தனியா நிக்கும். எங்கிருந்து வந்ததுன்னு தாள் இல்லாத பணத்தை அவங்க பணமாவே எடுத்துக்க மாட்டாங்க. நிலம் வித்ததோ வைப்பு முதிர்ந்ததோ இருந்தா அந்தத் தாளையும் கூடவே வையுங்க.

நீலவானம்
ரொம்ப நன்றி. பாஸ்போர்ட் என்னோடது சிங்கப்பூர். அம்மாவோடது இந்தியா. நான் 16 நாள்ல திரும்பிடுவேன். அம்மா மே 10ல இருந்து ஒரு நாலு மாசம் இருப்பாங்க, அண்ணிக்கு ஜூன்ல குழந்தை பிறக்குது. ரெண்டு பேருக்கும் ஒரே கோப்பா கொடுத்துடலாமா?

தேன்மொழி எம்
நீலவானம், உங்களுக்கு விசாவே வேண்டாம்! சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன்ல 180 நாளுக்குள்ள 90 நாள் வரை விசா இல்லாமலே போகலாம். உங்க பேருக்கு எதுவும் கட்டிடலையே?

நீலவானம்
இன்னும் கட்டல. ஃபார்ம் மட்டும் ரெண்டு பேருக்கும் நிரப்பி வெச்சிருக்கேன்.

பயணக்கோப்பு
அதுதான் முதல் பதிவுலேயே பாஸ்போர்ட் கேட்டது. ஒரே குடும்பம், ஒரே விமானம், ரெண்டு பேருக்கும் ரெண்டு விதி. உங்க ஃபார்மைக் கிழிச்சுப் போட்டுடலாம்.

ஆனா விசா வேண்டாம்ங்கறதுக்கு எதுவுமே வேண்டாம்னு அர்த்தம் இல்ல. எதுக்கு வந்தீங்க, எங்க தங்குவீங்க, செலவுக்கு என்ன இருக்குன்னு எல்லையில உங்ககிட்டயும் கேக்கலாம். அண்ணா விலாசம், திரும்பற டிக்கெட், பாரிஸ் ஹோட்டல் உறுதிச்சீட்டு கைல இருக்கட்டும். விசா தேவைப்படாத நாட்டவங்களுக்காக எட்டியாஸ்னு ஒரு இணைய முன் அனுமதி திட்டமிட்டிருக்காங்க. நீங்க போற சமயத்துல அது நடைமுறைக்கு வந்துட்டதான்னு ஐரோப்பிய ஒன்றியத்தோட அதிகாரபூர்வ தளத்துல மட்டும் பாருங்க.

இனி அம்மா விஷயம். உண்மையான சிக்கல் அங்கதான்: நாலு மாசம். ஷெங்கன் குறுகிய கால விசாவுல எந்த 180 நாளை எடுத்தாலும் அதுல 90 நாளுக்கு மேல இருக்க முடியாது. நுழையற நாளும் கிளம்பற நாளும் ரெண்டும் முழு நாளா எண்ணப்படும். மே 10 நுழைஞ்சா மே மாசத்துல 22 நாள், ஜூன் 30, அதுவரை 52. ஜூலை 31 சேர்த்தா 83. ஆகஸ்ட் 7 அன்னிக்கு 90. அன்னிக்குள்ள வெளிய வந்தாகணும். மூணு மாசம்னு நினைச்சு ஆகஸ்ட் 10க்கு டிக்கெட் போட்டா மூணு நாள் மீறல்.

வழிப்போக்கன்
இதுக்கு எளிய வழி இருக்கு. ஆகஸ்ட் 7 அன்னிக்கு ஷெங்கன்ல இல்லாத ஒரு நாட்டுக்கு ஒரு நாள் போயிட்டு வந்தா கணக்கு புதுசா ஆரம்பிக்கும். மல்டிபிள் என்ட்ரி விசாவா கேளுங்க.

பயணக்கோப்பு
இல்லங்க, அப்படி ஆரம்பிக்காது. இது ரொம்பப் பரவலான தப்பு. கடிகாரம் வெளிய போனா நிக்கும், பூஜ்யத்துக்குத் திரும்பாது. ஒவ்வொரு நாளும் அன்னிக்கு நின்னுக்கிட்டு பின்னாடி 180 நாளைப் பாக்கணும், அதுல உள்ள இருந்த நாள் எத்தனைன்னு எண்ணணும். ஆகஸ்ட் 9 அன்னிக்கு திரும்ப வந்தா பின்னாடி 180 நாள்ல அந்த 90 நாளும் அப்படியே கிடக்கும். மே 10ங்கற முதல் நாள் அந்தச் சாளரத்தை விட்டு வெளிய போறது நவம்பர் 6. அன்னிக்குத்தான் ஒரு நாள் காலியாகும். அதுக்கப்புறம் தினம் ஒரு பழைய நாள் விழும், அதனால தொடர்ந்து இருக்கலாம், விசா செல்லுபடியா இருந்தா.

முன்னெல்லாம் முத்திரையை விரல் விட்டு எண்ணினாங்க, சில சமயம் தப்பினவங்க உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியா மின்னணு நுழைவு வெளியேற்றப் பதிவு வந்திருக்கு. கைரேகையும் முகப்படமும் எடுத்து நாளைக் கணினியே எண்ணுது.

விசா கைக்கு வந்ததும் ஸ்டிக்கரை இப்படி வாசிங்க. இது ஒரு மாதிரிக்கு:

```
FROM 10-05-26   UNTIL 22-08-26
TYPE OF VISA C
NUMBER OF ENTRIES 01
DURATION OF STAY 90 DAYS
```

ரெண்டு தேதிக்கும் நடுவுல 105 நாள் இருக்கு. ஆனா கீழ 90ன்னு இருக்கு. அந்தக் கூடுதல் 15 நாள், விமானம் தள்ளிப் போனா நுழையறதுக்கு இடம் விட்டுக் கொடுக்கறது. தங்கறதுக்கு இல்ல. முதல் வரியை மட்டும் பாத்துட்டு ஆகஸ்ட் 22 வரை இருக்கலாம்னு டிக்கெட் போடறவங்கதான் அதிகம். 90 நாளும் UNTIL தேதியும் எது முதல்ல வருதோ அதுதான் எல்லை. ஒரு முறை நுழைவுன்னு இருந்தா நடுவுல வெளிய போனாலே விசா முடிஞ்சது.

நீலவானம்
நாலு மாசம் முடியவே முடியாதா? அங்க போய் நீட்டிக்க முடியாதா? குழந்தைக்கு மூணு மாசமாவது ஆகட்டும்னு அண்ணி நினைக்கிறாங்க.

பயணக்கோப்பு
நீட்டிப்பு இருக்கு, ஆனா திடீர்னு வந்த கடும் உடல்நலக் குறைவு, விமானமே ஓடாத நிலைமை மாதிரி காரணங்களுக்கு. முன்கூட்டியே தெரிஞ்ச பிரசவத்தை வெச்சு நீட்டிப்பு எதிர்பாக்காதீங்க.

90 நாளுக்கு மேலன்னா அது ஷெங்கன் விதி இல்ல, அந்தந்த நாட்டோட சொந்தச் சட்டம், டி வகை விசா. இங்கயும் நாடு மாறினா பதில் மாறுது. பிரான்ஸ்ல 4 முதல் 6 மாசம் பார்வையாளரா இருக்க ஒரு தற்காலிக நீண்டகால விசா உண்டு. ஜெர்மனியில டி விசா வேலை, படிப்பு, குடும்ப இணைவு மாதிரி நோக்கங்களுக்கு. பேரக்குழந்தையோட கொஞ்ச மாசம் இருக்கன்னு மட்டும் கேட்டு வாங்கறது மிக அரிது. பிரான்ஸ் விசா வாங்கிட்டு ஜெர்மனியில போய் நாலு மாசம் இருக்கலாமான்னு கேக்காதீங்க, அதை வெச்சு மத்த ஷெங்கன் நாட்டுல இருக்கறதும் 180ல 90தான்.

நடைமுறையில ஒரு யோசனை. குழந்தை ஜூன்லன்னா அம்மா மே 10க்கே போக வேண்டாமே. ஜூன் 10 போனா 90வது நாள் செப்டம்பர் 7. அதே 90 நாள்தான், ஆனா குழந்தையோட இருக்கற நாள் கூடும். தேதியை இப்ப மாத்தறதுல செலவில்ல.

தேன்மொழி எம்
அம்மா பாஸ்போர்ட் எப்ப முடியுது? அதையும் பாத்துடலாம்.

நீலவானம்
அக்டோபர் 30. 6 மாசம் மேல இல்லாட்டியும் கிட்டத்தட்ட இருக்கே.

தேன்மொழி எம்
ஷெங்கனுக்கு 6 மாசக் கணக்கு கிடையாது. வெளியேறப் போற கடைசி நாள்ல இருந்து 3 மாசம் இருக்கணும், பாஸ்போர்ட் கடந்த 10 வருஷத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும், ரெண்டு வெத்துப் பக்கம் வேணும். ஆகஸ்ட் 7 கிளம்பினா நவம்பர் 7 வரை தேவை. உங்களுக்கு 8 நாள் குறையுது. செப்டம்பர் 7ன்னா டிசம்பர் 7, இன்னும் மோசம். எப்படிப் பாத்தாலும் முதல்ல புதுப்பிக்கணும். விண்ணப்பத்துல பாஸ்போர்ட் எண் இருக்கும், காப்பீட்டுலயும் உறுதிப்பத்திரத்துலயும் கூட அது வரும். அதனால புது எண் வந்த பிறகு மத்ததை எடுங்க. பழசுல ஏதாவது விசா இருந்தா அந்தப் பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் கொடுங்க.

காப்பீடு குறைஞ்சது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் முழுக்க, தங்கற எல்லா நாளுக்கும்.

நீலவானம்
இன்னொண்ணு. அம்மா இப்ப விசிட் பாஸ்ல என்கூட சிங்கப்பூர்ல இருக்காங்க. இங்கேயே அப்ளை பண்ணலாமா, இல்ல இந்தியா போய்த்தான் ஆகணுமா? எப்ப கொடுக்கணும்?

பயணக்கோப்பு
சட்டப்படி வசிக்கற நாட்டுல கொடுக்கறதுதான் விதி. வசிக்காம, ஆனா சட்டப்படி வந்து தங்கியிருக்கற நாட்டுலயும் ஏன் இங்க கொடுக்கறோம்னு நியாயமான காரணம் சொன்னா ஏத்துக்கலாம். ஏத்துக்கிறதா இல்லையான்னு அந்தத் தூதரகம்தான் முடிவு பண்ணும். முதல்ல மின்னஞ்சல்ல கேட்டு, எழுத்துல பதில் வாங்குங்க. குறுகிய விசிட் பாஸ்னா இந்தியாவுல கொடுக்கறதுதான் பாதுகாப்புன்னு என் அபிப்பிராயம். ஊர்ல வீடு, ஓய்வூதியம், மத்த பிள்ளைங்க மாதிரி திரும்பி வர்றதுக்கான தாளெல்லாம் அங்கதான் இருக்கு.

தேதி: பயணத்துக்கு 6 மாசம் முன்னாடில இருந்து கொடுக்கலாம், கடைசி 15 நாள் முன்னாடி. மே 10ன்னே வெச்சா நவம்பர் 10ல இருந்து ஏப்ரல் 25 வரை. ஆனா அந்த 45 நாளை மனசுல வெச்சு மார்ச் 26க்கு முன்னாடி கோப்பு உள்ள போயிருக்கணும். அப்பாயின்ட்மென்ட் காத்திருப்பு இதுக்கு வெளிய. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவங்களுக்கு 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. பணம் கட்டின டிக்கெட் விசாவுக்கு முன்னாடி தேவையில்ல, முன்பதிவுச் சீட்டு போதும்.

கடல்காற்று
நோக்கம்னு இருக்கற இடத்துல சுற்றுலான்னு போட்டா பிரச்சினை வராதுன்னு கேள்விப்பட்டேன். பிரசவம், குழந்தைன்னு எழுதினா சந்தேகப்படுவாங்களாமே?

பயணக்கோப்பு
வேண்டவே வேண்டாம். நிராகரிப்புக் கடிதத்துல அடிக்கடி குறி போடற வரியே தங்கறதுக்கான நோக்கமும் சூழ்நிலையும் நிரூபிக்கப்படலைங்கறதுதான். சுற்றுலான்னு எழுதிட்டு, ஒரே விலாசத்துல 90 நாள், அதுவும் மகன் வீடு, மகனோட உறுதிப்பத்திரம்னு வெச்சா ஃபார்மே ஃபார்மை மறுக்குது. குடும்பத்தைப் பார்க்கன்னு ஒரு வகை தனியாவே இருக்கு, அதைக் குறிங்க. உறவைக் காட்ட அண்ணாவோட பிறப்புச் சான்றிதழ், அதுல அம்மா பேர் எப்படி எழுதியிருக்கோ அப்படியே பாஸ்போர்ட்லயும் இருக்கான்னு எழுத்து எழுத்தாப் பாருங்க. அண்ணியோட மருத்துவர் தந்த உத்தேச பிரசவ தேதித் தாளையும் வையுங்க.

தேன்மொழி எம்
அந்த மருத்துவத் தாள்ல எனக்கு உடன்பாடு இல்ல. அதை வெச்சா குழந்தையைப் பாத்துக்க ஆள் கூப்பிடறாங்க, 90 நாள்ல கிளம்ப மாட்டாங்கன்னு அதிகாரி நினைக்கலாம். குடும்பத்தைப் பார்க்கங்கறது உண்மைதானே, அதோட நிறுத்தலாம்.

பயணக்கோப்பு
நினைக்கலாம்தான். ஆனா 16 நாளுக்கு இல்லாம ஏன் 90 நாள்ங்கற கேள்விக்கு கோப்புல பதில் இல்லேன்னா அவங்களே ஒரு பதிலை ஊகிப்பாங்க. அதைவிட நாமே சொல்றது மேல். இதுல ரெண்டு விதமாவும் செய்யறவங்க இருக்காங்க, ஒண்ணுதான் சரின்னு சொல்ல மாட்டேன். கவுண்டர்ல கேட்டா அம்மா உண்மையைத்தான் சொல்லணும், அதுல மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

செங்கதிர்
இழையை முழுக்க வாசிச்சேன். எல்லாரும் போறவங்க பாஸ்போர்ட்டைக் கேட்டீங்க. அண்ணா பாஸ்போர்ட்டை யாரும் கேக்கலையே? நீலவானம், அண்ணா ஜெர்மனியில எந்தக் குடியுரிமையோட இருக்கார்?

நீலவானம்
அது ஏன் தேவைப்படுது? அவர் முதல்ல பல வருஷம் பாரிஸ்ல இருந்தார், அப்புறம்தான் வேலைக்கு ஜெர்மனி போனார். பாரிஸ்ல இருந்தப்ப பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கினார்னு நினைக்கிறேன், சரியாத் தெரியல.

செங்கதிர்
தெரிஞ்சுக்கோங்க, ஏன்னா மேல எழுதின பாதி கணக்கு அதுல மாறலாம். ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் ஒருத்தர் தன் குடியுரிமை நாட்டுல இல்லாம வேற உறுப்பு நாட்டுல வாழ்ந்தா, அவரைச் சார்ந்து வாழற பெற்றோர் 2004/38ங்கற ஆணைக்குள்ள வருவாங்க. அண்ணா பிரெஞ்சுக் குடிமகனா இருந்து ஜெர்மனியில இருந்தா பொருந்தும். அவரே பிரான்ஸ்ல இருந்திருந்தாலோ, ஜெர்மன் குடிமகனா ஜெர்மனியில இருந்தாலோ பொதுவாப் பொருந்தாது. இந்தியக் குடிமகனா வேலை அனுமதியில இருந்தாலும் பொருந்தாது.

பொருந்தினா அம்மாவுக்கு விசாக் கட்டணம் கிடையாது, விரைவு நடைமுறை, கேக்கற தாள்களும் குறைவு. மூணு மாசத்துக்கு மேல இருக்கணும்னா அங்கேயே குடும்ப உறுப்பினருக்கான வசிப்பு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

இதுல கஷ்டமான சொல் சார்ந்து வாழற. வயசானா மட்டும் போதாது. அம்மாவோட அடிப்படைச் செலவுக்கு அண்ணா அனுப்பற பணம் நிஜமாவே தேவைப்படுதுன்னு, ஊர்ல இருக்கும்போதே அப்படித்தான்னு காட்டணும். மாசாமாசம் அனுப்பின பணப் பரிமாற்றச் சீட்டுதான் வலுவான தாள். பயணத்துக்காக ரெண்டு மாசம் முன்னாடி அனுப்ப ஆரம்பிச்சது பலம் தராது.

பயணக்கோப்பு
இதை நான் கேக்காம விட்டுட்டேன், செங்கதிருக்கு நன்றி. ஆனா ஒரு இடர்ப்பாடு இருக்கு. அம்மா மகனைச் சார்ந்து வாழறாங்கன்னு ஒரு கோப்புலயும், ஊர்ல சொந்த வருமானத்தோட வேரூன்றி இருக்காங்கன்னு இன்னொரு கோப்புலயும் சொல்ல முடியாது. எந்த வழின்னு முடிவு பண்ணிட்டுத்தான் தாள் சேர்க்கணும். அம்மாவுக்கு ஓய்வூதியம் ஏதாவது வருதா?

நீலவானம்
அப்பாவோட குடும்ப ஓய்வூதியம் கொஞ்சம் வருது. அண்ணாவும் அனுப்புவார், ஆனா மாசாமாசமான்னு தெரியல. இன்னிக்கு ராத்திரி அண்ணாவுக்கு போன் போட்டு பாஸ்போர்ட்டையும் பரிமாற்றச் சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றேன். அம்மா பாஸ்போர்ட் புதுப்பிக்கற வேலையை நாளைக்கே ஆரம்பிக்கறேன்.

செங்கதிர்
சரி. சீட்டுல அனுப்புனவர் பேரும் வாங்கினவர் பேரும் தேதியும் தெரியுதான்னு பாருங்க. அண்ணி அக்கவுண்ட்ல இருந்து போயிருந்தா அதையும் சொல்லுங்க, அதுக்கு வேற மாதிரி யோசிக்கணும்.